நீண்ட இணைப்பியா, குட்டை இணைப்பியா: யுஐஓ-66, 67, 68 மூன்றில் எதை எடுப்பது?

1,187. 3,000. 4,170. ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் கார்ல் பெட்டர் லில்லெருட் குழுவினர் 2008-இல் வெளியிட்ட, நுண்துளைகள் நிறைந்த மூன்று சிர்கோனியச் சட்டகங்களின் மேற்பரப்பளவு இது; ஒரு கிராமுக்கு இத்தனை சதுர மீட்டர். யுஐஓ-66, யுஐஓ-67, யுஐஓ-68 என்று அவற்றுக்குப் பெயர். ஆய்வுக்குப் புதிதாக வருபவர் இந்த வரிசையைப் பார்த்ததும் கடைசி எண்ணில் விரலை வைத்துவிடுவார். மேற்பரப்பு அதிகம் என்றால் அதிக வாயு ஒட்டும், அதிகச் சாயம் பிடிக்கும், அப்புறம் என்ன யோசனை என்று தோன்றும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான வேலைகளுக்கு முதல் இரண்டில் ஒன்றுதான் சரி. மூன்றாவது மிகச் சில வேலைகளுக்கு மட்டுமே பொருந்தும். கிராமுக்கு எத்தனை சதுர மீட்டர் என்ற எண்ணை வைத்து மட்டும் முடிவெடுத்தால் தவறான பொருளில்தான் போய் நிற்போம்.

உலோக-கரிமச் சட்டகம் என்பது உலோகக் கணுக்களைக் கரிம மூலக்கூறுகளால் இணைத்துக் கட்டிய படிகம். இந்த மூன்றிலும் கணு ஒன்றே: ஆறு சிர்கோனிய அணுக்கள் ஆக்சிஜனோடு சேர்ந்த Zr6O4(OH)4 என்ற கொத்து. ஒவ்வொரு கணுவிலிருந்தும் பன்னிரண்டு இணைப்பிகள் பன்னிரண்டு அண்டைக் கணுக்களுக்குப் போகின்றன. கணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் முறையும் ஒன்றுதான், முகமையக் கனசதுரம். மாறுவது இணைப்பியின் நீளம் மட்டுமே. 66-இல் டெரிப்தாலிக் அமிலம், அதாவது ஒரு பென்சீன் வளையம், இரு முனையிலும் கார்பாக்சில் தொகுதி. 67-இல் அதே அமைப்பில் இரண்டு வளையம். 68-இல் மூன்று வளையம். இணைப்பியின் நீளம் என்ன செய்கிறது என்பதை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்க்க இவ்வளவு தோதான வரிசை அதிகம் கிடைக்காது. அதனால்தான் இதை எடுத்துக்கொண்டேன்.

ஒரு வளையம் சேர்ந்தால் என்ன ஆகிறது

அலகுக்கூட்டின் விளிம்பு நீளம் மூன்றிலும் முறையே சுமார் 20.7, 26.9, 32.8 ஆங்ஸ்ட்ராம். முகமையக் கனசதுரத்தில் அண்டைக் கணுக்களின் இடைவெளி, விளிம்பை √2-ஆல் வகுத்தால் கிடைக்கும். வகுத்துப் பாருங்கள்: 14.6, 19.0, 23.2. ஒவ்வொரு படியிலும் கூடுவது 4.3 ஆங்ஸ்ட்ராமை ஒட்டியே இருக்கிறது. ஒரு பென்சீன் வளையத்தை நேர்கோட்டில் செருகினால் இணைப்பி நீளும் அளவும் அதுவேதான். கணு அசையவில்லை, கோணம் மாறவில்லை. சேர்த்த வளையம் அத்தனையும் அப்படியே இடைவெளியாகிவிட்டது. இந்தத் துறையில் ‘வடிவமைப்பு’ என்ற பேச்சு அடிக்கடி அடிபடும். அந்தப் பேச்சுக்கு உண்மையில் அடிப்படை இருக்கிறது என்பதற்கு இந்த ஒரு வகுத்தலே போதும்.

இனி எடையும் கன அளவும். விளிம்பைக் கனமாக்கினால் அலகுக்கூட்டின் கன அளவு 66-ஐவிட 67-இல் சுமார் 2.2 மடங்கு, 68-இல் 4 மடங்கு. எடை அப்படி ஏறுவதில்லை. ஒரு கணுவும் அதன் பங்குக்கு வரும் ஆறு இணைப்பிகளும் சேர்ந்த வாய்பாட்டு எடை 66-இல் 1,664, 67-இல் 2,121, 68-இல் 2,577. நான்கு மடங்கு இடம், ஒன்றரை மடங்கு எடை. ஆகவே படிகத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.25 கிராமிலிருந்து 0.72-க்கும், அங்கிருந்து 0.49-க்கும் இறங்குகிறது.

கிராமுக்கான மேற்பரப்பு ஏறுவதற்கு ஒரு காரணம் இங்கேயே இருக்கிறது. சிர்கோனியக் கொத்து கனமானது. வாயு மூலக்கூறு உட்கார அதில் இடம் குறைவு. 66-இன் எடையில் 41 விழுக்காடு அந்தக் கொத்துதான். 67-இல் 32, 68-இல் 26. நீண்ட இணைப்பியால் மேற்பரப்பு கூடுகிறது என்பது உண்மையே. ஆனால் அந்த ஏற்றத்தில் ஒரு பகுதி, தராசில் கணுவின் பங்கு குறைந்ததால் வந்தது.

இப்போது அதே எண்களை அடர்த்தியால் பெருக்கி, கன சென்டிமீட்டருக்கு எவ்வளவு என்று பார்ப்போம்.

| | யுஐஓ-66 | யுஐஓ-67 | யுஐஓ-68 |
|---|---|---|---|
| இணைப்பியில் வளையங்கள் | 1 | 2 | 3 |
| படிக அடர்த்தி (கிராம்/கன செ.மீ.) | 1.25 | 0.72 | 0.49 |
| மேற்பரப்பு, கிராமுக்கு (ச.மீ.) | 1,187 | 3,000 | 4,170 |
| மேற்பரப்பு, கன செ.மீ.க்கு (ச.மீ.) | சுமார் 1,480 | சுமார் 2,170 | சுமார் 2,020 |
| முக்கோண வாசல் (ஆங்ஸ்ட்ராம்) | 6 | 8 | 10 |

கடைசிக்கு முந்தைய வரியைப் பாருங்கள். கிராம் கணக்கில் ஏறிக்கொண்டே போன எண், கன அளவுக் கணக்கில் 67-இல் உச்சம் தொட்டு 68-இல் இறங்குகிறது. தொட்டியின் கொள்ளளவு நிர்ணயிக்கப்பட்ட வேலைக்கு, எடுத்துக்காட்டாக வாகனத்தில் மீத்தேன் சேமிப்பதற்கு, 68-க்காக மெனக்கெடுவதில் பொருளில்லை.

இந்த இறக்கம் தற்செயலானது அல்ல. கட்டடத்துக்குக் கட்டும் சாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மூங்கிலையும் இரு மடங்கு நீளமாக்கினால் ஒரு கட்டத்தில் உள்ள மூங்கிலின் மொத்த நீளம் இரு மடங்காகும். கட்டம் பிடிக்கும் இடமோ எட்டு மடங்காகும். ஓர் அலகு இடத்தில் இருக்கும் மூங்கில் நான்கில் ஒரு பங்காகிவிடும். இணைப்பியின் நீளம் கூடக் கூட, கன அளவுக்கான மேற்பரப்பு நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் விழத் தொடங்குகிறது. தொடக்கத்தில் இது தெரிவதில்லை. குட்டை இணைப்பியில் கணுக்கள் ஒன்றையொன்று நெருக்கி மேற்பரப்பை மறைத்துக்கொண்டிருக்கும். முதல் நீட்டிப்பு அந்த மறைவைத் திறந்துவிடுகிறது. அந்த ஆதாயம் தீர்ந்த பிறகு வெறும் காலியிடம்தான் கூடுகிறது.

கிராம் கணக்குக்கும் ஒரு கூரை உண்டு. 2004-இல் எம்ஓஎஃப்-177 என்ற சட்டகத்தை அறிவித்தபோது ஒமர் யாகி குழுவினர் இதை அழகாகக் கணக்கிட்டுக் காட்டினார்கள். கிராஃபீன் தாளின் இரு பக்கமும் சேர்ந்து கிராமுக்கு 2,965 சதுர மீட்டர். அதே தாளை ஒற்றை வளையங்கள் நேராகக் கோத்த சங்கிலிகளாக வெட்டினால், விளிம்புகளும் வெளியே வந்து 5,683. வளையங்களை முற்றிலும் தனித்தனியாக்கினால் 7,745. பென்சீன் வளையங்களை நேராகக் கோத்த இணைப்பியை எவ்வளவு நீட்டினாலும் நடுவில் சொன்ன எண்ணை நோக்கித்தான் போகும்; அதைத் தாண்ட வேறு வடிவ இணைப்பி வேண்டும். 2018-இல் டிரெஸ்டனில் ஸ்டெஃபான் காஸ்கெல் குழுவினர் செய்த டியூடி-60 கிராமுக்கு 7,839 சதுர மீட்டரைத் தொட்டது. தலைப்புச் செய்திக்கு உரிய எண்தான். அதன் அடர்த்தியோ கன சென்டிமீட்டருக்குச் சுமார் 0.19 கிராம். பெருக்கினால் 1,500-ஐ ஒட்டி வருகிறது. நம் பட்டியலில் கடைசியாகக் கிடக்கும் யுஐஓ-66-இன் கன அளவு எண்ணும் ஏறக்குறைய அதுதான்!

அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம்

மேலே உள்ள மூன்று எண்களும் லாங்மியூர் முறையில் கணக்கிட்டவை. இன்று வழக்கத்தில் உள்ளது பிஇடி முறை. அது பெரும்பாலும் லாங்மியூரைவிடக் குறைவாகவே காட்டும். யுஐஓ-67-க்குப் பிஇடி மதிப்பு 2,500-ஐ ஒட்டி வருவது வழக்கம். ஆகவே ஒரு கட்டுரையின் லாங்மியூர் எண்ணையும் இன்னொன்றின் பிஇடி எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது. இந்தத் தவறு அச்சான ஒப்பீட்டுப் பட்டியல்களிலேயே இருக்கிறது.

இரண்டு முறைக்கும் அடியில் இருப்பது ஒரே அளவீடு. குழாயில் பொருளை வைத்து, திரவ நைட்ரஜனின் 77 கெல்வின் குளிரில் நைட்ரஜனைச் சிறிது சிறிதாக விட்டு, எவ்வளவு ஒட்டுகிறது என்று பார்க்கிறோம். ஒற்றை அடுக்காகப் பரவ எத்தனை மூலக்கூறு வேண்டும் என்று கணக்கிட்டு, ஒன்றுக்கு 16.2 சதுர ஆங்ஸ்ட்ராம் என்று பெருக்குகிறோம். 1,200 சதுர மீட்டர் என்பது உண்மையில் கிராமுக்கு 12.3 மில்லிமோல் நைட்ரஜன் என்ற எண்ணிக்கைதான். நாம் அதைப் பரப்பாக மொழிபெயர்த்துக்கொள்கிறோம்.

அறைகள் குறுகலாக இருக்கும்போது இந்த மொழிபெயர்ப்பு ஆட்டம் காண்கிறது. யுஐஓ-66-இன் சிறிய நான்முகி அறை சுமார் 8 ஆங்ஸ்ட்ராம் அகலம். நைட்ரஜன் மூலக்கூறின் அகலம் 3.6. எதிரெதிர்ச் சுவர்களில் ஒவ்வொன்று உட்கார்ந்தாலே அறை நிரம்பிவிட்டது. அங்கே ஒற்றை அடுக்கு எது, நிரம்பிய துளை எது என்று பிரிக்க முடியாது. பழைய பழக்கப்படி 0.05 முதல் 0.3 வரையான சார்பு அழுத்தத்தில் கோடு வரைந்தால் இத்தகைய பொருளுக்குத் தவறான விடை வரும். எந்த அழுத்த எல்லைக்குள் கோடு வரையலாம் என்பதற்கு ரூக்கரோல் வகுத்த நிபந்தனைகள் இருக்கின்றன. அவற்றைப் பின்பற்றியதாகச் சொல்லும் கட்டுரைக்கு நான் கூடுதல் மதிப்பெண் போடுவேன். 2022-இல் வெளியான ஒரு கூட்டு ஆய்வில், ஒரே அளவீட்டுத் தரவை 61 ஆய்வகங்களுக்குக் கொடுத்துப் பிஇடி பரப்பைக் கணக்கிடச் சொன்னார்கள். விடைகள் நூற்றுக்கணக்கான சதுர மீட்டர் அளவுக்கு விலகி நின்றன. பொருள் ஒன்று, தரவு ஒன்று. கோடு வரைந்த கை மட்டும் வேறு.

ஆகவே 1,150-க்கும் 1,250-க்கும் உள்ள வேறுபாட்டை வைத்து எந்த முடிவும் எடுக்க வேண்டாம். 1,200-க்கும் 2,500-க்கும் உள்ள வேறுபாடு மெய்யானது.

உள்ளே வரும் விருந்தாளி யார்

துளை அளவு என்று பொதுவாகச் சொன்னாலும், அதில் இரண்டு அளவுகள் கலந்திருக்கின்றன: அறையின் அகலம், அறைக்குள் நுழையும் வாசலின் அகலம். இந்த வரிசையில் எண்முகி வடிவப் பெரிய அறையும் நான்முகி வடிவச் சிறிய அறையும் மாறி மாறி வருகின்றன. 66-இல் பெரிய அறை 11 ஆங்ஸ்ட்ராம். ஆனால் அதற்குள் போக, மூன்று இணைப்பிகள் பக்கங்களாக அமைந்த ஒரு முக்கோணத்தின் வழியே நுழைய வேண்டும். முக்கோணத்துக்குள் வரையும் வட்டத்தின் விட்டம் பக்கத்தில் 0.58 மடங்குதான். அதனால் இணைப்பி 4.3 ஆங்ஸ்ட்ராம் நீண்டாலும் வாசல் இரண்டு, இரண்டரை ஆங்ஸ்ட்ராமே திறக்கிறது. 6, 8, 10 என்ற வரிசை அப்படி வந்ததுதான். பெரிய மூலக்கூறை உள்ளே விட நினைப்பவர் அறை அளவைப் பார்த்து மகிழ்ந்துவிட்டு வாசலில் தோற்றுப்போவது இதனால்தான்.

கார்பன் டை ஆக்சைடின் அகலம் 3.3 ஆங்ஸ்ட்ராம், மீத்தேன் 3.8. மூன்று பொருளிலும் இவை தடையின்றி நுழையும். அப்போது தீர்மானிப்பது வாசல் அல்ல, சுவர் எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதே. குறுகிய அறையில் மூலக்கூறைப் பல பக்கச் சுவர்கள் ஒரே நேரத்தில் இழுக்கும். அகன்ற அறையில் ஒரு சுவர் மட்டும் இழுக்கும். ஆகவே ஒரு வளிமண்டல அழுத்தம், அறை வெப்பம் என்ற நிலையில், கிராமுக்கு இரு மடங்குக்கு மேல் பரப்புள்ள 67-ஐவிட 66 அதிகக் கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கிறது. புகைபோக்கி வாயு அதிலும் நீர்த்தது. அங்கே 66-இன் சாதகம் இன்னும் கூடும். அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போனால் குறுகிய அறைகள் நிரம்பித் தேங்கிவிடும். அகன்ற அறைகள் தொடர்ந்து வாங்கும். பத்து, இருபது மடங்கு அழுத்தத்தில் நிலைமை தலைகீழாகும். மேற்பரப்பு ஒரு பொருளின் உச்சக் கொள்ளளவைத்தான் சொல்கிறது. அந்த உச்சத்தை எட்டும் அழுத்தத்தில் நீங்கள் வேலை செய்யவில்லை என்றால் அது உங்களுக்கான எண் அல்ல.

புரதம் போன்ற பெரும் விருந்தாளிகள் என்றால் இந்த மூன்றுமே உதவாது. அதற்கு 2012-இல் யாகி குழு அறிவித்த ஐஆர்எம்ஓஎஃப்-74 குடும்பத்தைத்தான் பார்க்க வேண்டும். இணைப்பியில் ஒரு வளையத்திலிருந்து பதினொரு வளையம் வரை நீட்டி, 14 முதல் 98 ஆங்ஸ்ட்ராம் வரை துளையைத் திறந்தார்கள். மயோகுளோபினே உள்ளே போனது. அங்கே கணு தனிக் கொத்தாக இல்லாமல் நீண்ட கம்பியாக ஓடுகிறது. அதனால்தான் அவ்வளவு நீட்டியும் கட்டமைப்பு தாங்கியது.

நான்காவது போட்டியாளர்: குறையுள்ள 66

சில கட்டுரைகளில் யுஐஓ-66-க்கு 1,500, 1,600 சதுர மீட்டர் என்று பார்ப்பீர்கள். மற்றவர்களுக்கு 1,200 வரும்போது இவர்களுக்கு மட்டும் எப்படி? பொருள் அதிகத் தூய்மையானதா? பெரும்பாலும் இல்லை. இணைப்பிகள் சில காணாமல் போயிருக்கின்றன.

இதை உறுதிசெய்ய ஓர் எளிய வழி இருக்கிறது. பொருளைக் காற்றில் சூடேற்றி எடையைத் தொடர்ந்து குறித்துக்கொண்டே போக வேண்டும். முதலில் கரைப்பானும் நீரும் வெளியேறும். பிறகு எடை சமதளமாக நிற்கும். அதன்பின் இணைப்பிகள் எரிந்து, கடைசியில் ZrO2 மட்டும் மிஞ்சும். மிஞ்சியதை 100 என்று வைத்துக்கொண்டால், குறையற்ற 66-இன் சமதளம் 220-இல் நிற்க வேண்டும். நீரிழந்த சட்டகமான Zr6O6(C8H4O4)6-இன் எடை 1,628, அதிலிருந்து கிடைக்கும் ஆறு ZrO2-இன் எடை 739, வகுத்தால் 2.20. இந்த 120 புள்ளி வேறுபாட்டை ஆறு இணைப்பிகள் பகிர்கின்றன, ஒன்றுக்கு 20 புள்ளி. உங்கள் சமதளம் 200-இல் நின்றால் கணுவுக்கு ஓர் இணைப்பி, அதாவது ஆறில் ஒன்று, இல்லை. இதே கணக்கில் குறையற்ற 67 நிற்க வேண்டிய இடம் 282, 68-க்கு 344. கரைப்பான் முழுதாக வெளியேறாத பொருளில் சமதளம் உயரமாகத் தெரிந்து ஏமாற்றும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

இந்தக் குறையை வேண்டுமென்றே உண்டாக்கலாம். தயாரிப்பின்போது அசிட்டிக் அமிலம் போன்ற ஒற்றைக் கார்பாக்சில் அமிலத்தைத் தாராளமாகச் சேர்த்தால், அது இணைப்பியோடு கணுவில் இடத்துக்குப் போட்டியிடும். படிகம் மெதுவாக, ஒழுங்காக வளரும். கூடவே இணைப்பிகள் சில விடுபடும். அப்படி வந்த பொருளில் வாசலும் அகலும், கணுவில் வினைபுரியத் திறந்த இடமும் கிடைக்கும். வினையூக்கி வேலைக்கு இது நல்ல தேர்வு. 67-ஐ விடவும் பல நேரங்களில் மலிவான, உறுதியான தேர்வு. ஆனால் இணைப்பி நீளத்தால் வந்த துளை போல இது ஒரே அளவாக இராது. ஒரு தயாரிப்பு போல அடுத்த தயாரிப்பு வரும் என்ற உறுதியும் குறைவு. குறையை எண்ணிச் சொல்லாமல் ‘உயர்ந்த மேற்பரப்பு’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போகும் கட்டுரைகள் எனக்கு எரிச்சல் ஊட்டுகின்றன.

காயவைப்பதில்தான் சோதனை

தயாரிப்பு பொதுவாக இப்படி: சிர்கோனியம் குளோரைடையும் அமிலத்தையும் டைமெத்தில் ஃபார்மமைடில் கரைத்து, மூடிய கலத்தில் 120 டிகிரியில் ஒரு நாள் வைப்பார்கள். சிறிது ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்து 80 டிகிரியில் இரவு முழுதும் வைக்கும் எளிய முறை 2013-இலிருந்து பரவியது. 66-க்கும் 67-க்கும் இது அப்படியே எடுபடும்.

அதன்பின்தான் இரண்டும் பிரிகின்றன. துளைகளில் நிறைந்திருக்கும் கரைப்பானை வெளியேற்றினால்தான் மேற்பரப்பு கிடைக்கும். 66-ஐ நீரில் கழுவி, அப்படியே வெற்றிடத்தில் சூடேற்றிக் காயவைக்கலாம், தாங்கும். 67-ஐ அப்படிச் செய்தால் கெட்டுவிடும். நீரில் 67 நிலைக்காது என்று ஒரு காலத்தில் பரவலாக எழுதினார்கள். 2014-இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகக் குழுவினர் அதைப் பிரித்துப் பார்த்தார்கள். நீர் பிணைப்பை அறுக்கவில்லை. இணைப்பி கரைந்து வெளியேறவும் இல்லை. நீர் துளையிலிருந்து ஆவியாகும்போது அதன் பரப்பு இழுவிசை சுவர்களை உள்ளே இழுத்து நொறுக்கிவிடுகிறது. நீரை அசிட்டோனால் மாற்றிவிட்டுக் காயவைத்தபோது பொருள் தப்பித்தது. நீரின் பரப்பு இழுவிசை 72 மில்லிநியூட்டன்/மீட்டர்; அசிட்டோனுக்கு 23 மட்டுமே.

நொறுங்கியதை எப்படிக் கண்டுபிடிப்பது? நிறம் மாறாது, எடை மாறாது; குப்பியில் பார்த்தால் அதே வெள்ளைப் பொடிதான். எக்ஸ் கதிர் வரைபடத்தில், தாமிரக் கதிரானால், 5.7 டிகிரி அருகே உயர்ந்து கூராக நிற்க வேண்டிய முதல் உச்சம் குட்டையாகி அகன்றிருக்கும். நைட்ரஜன் அளவீட்டில் 2,500 வர வேண்டிய இடத்தில் சில நூறுகளே வரும். ஆகவே நீர்க் கழிவில் திரும்பத் திரும்பப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால், ஒவ்வொரு சுற்றிலும் அசிட்டோன் மாற்று வேலை உண்டு என்று 67-இன் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். 68-இல் சுவர்கள் இன்னும் தள்ளி நிற்கின்றன. ஒவ்வொரு இணைப்பியும் தாங்க வேண்டிய பளு இன்னும் கூடுதல். பொடியை அழுத்தி வில்லையாக்கும்போதும் இதே பலவீனம்தான் தலைகாட்டும்.

அமிலத்தின் கதையும் உண்டு. டெரிப்தாலிக் அமிலம் நெகிழிப் புட்டி செய்யும் ஆலைகளின் மூலப்பொருள். டன் கணக்கில் கிடைக்கிறது. இரட்டை வளைய அமிலம் விலை கூடுதல் என்றாலும் பட்டியல் பார்த்து வாங்கிவிடலாம். மூன்று வளைய அமிலத்தைப் பெரும்பாலும் ஆய்வகத்திலேயே சுசுகி இணைப்பு வினை வழியே செய்துகொள்ள வேண்டியிருக்கும். செய்தாலும் அது கரைப்பானில் எளிதில் கரையாது. தட்டையான நீண்ட மூலக்கூறுகள் ஒன்றின்மேல் ஒன்று ஒட்டிப் படிந்துவிடும். அதனால்தான் நடு வளையத்தில் அமினோ அல்லது மெத்தில் தொகுதியைச் சேர்த்துக் கரையவைக்கிறார்கள். அந்தத் தொகுதி துளைக்குள் நீட்டிக்கொண்டு, நீட்டிப்பால் கிடைத்த இடத்தில் கொஞ்சத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது.

நீட்டிக்கொண்டே போவதில் இன்னொரு பொறியும் இருக்கிறது. காலியிடம் போதுமான அளவுக்கு வந்துவிட்டால் அதற்குள் இன்னொரு சட்டகம் வளர்ந்துவிடலாம். துத்தநாகக் கணுக்கள் கொண்ட எம்ஓஎஃப்-5 குடும்பத்தில் இது சாதாரணம். அதன் எளிய கனசதுர வலைக்குள் அதே போன்ற இன்னொரு வலை கச்சிதமாகப் பொருந்தும். இரட்டை வளைய இணைப்பியைக் கொண்டு செய்தபோது, செறிந்த கரைசலில் பின்னிய ஐஆர்எம்ஓஎஃப்-9 வந்தது. நீர்த்த கரைசலில்தான் பின்னாத ஐஆர்எம்ஓஎஃப்-10 கிடைத்தது. இணைப்பி அதேதான், கணு அதேதான், துளை மட்டும் வேறு. யுஐஓ வரிசையில் 68 வரை அப்படிப் பின்னல் வராமல் பிழைத்துக்கொள்கிறோம். இன்னும் நீண்ட இணைப்பிகளைச் சிர்கோனியத்தோடு சேர்த்தபோது, இரண்டு சட்டகங்கள் ஒன்றுக்குள் ஒன்றாகப் பின்னிய பொருள்களும் கிடைத்திருக்கின்றன; பிசோஃப் என்ற குடும்பம் அப்படித்தான் வந்தது.

என் தேர்வு

நீர்த்த வாயுவில் கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்க வேண்டும், அல்லது ஈரமான இடத்தில் பல சுற்று ஓட வேண்டும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு 66. மேற்பரப்பு எண் கூச்சம் தருகிறது என்பதற்காக 67-க்குத் தாவ வேண்டாம். உயர் அழுத்தத்தில் மீத்தேன் சேமிப்பு என்றால் இந்த மூன்றுக்குள் 67. ஆனால் அப்போதும் போட்டிக்கு ஹெச்கேயுஎஸ்டி-1 என்ற தாமிரச் சட்டகத்தையும் கூடவே அளந்து பாருங்கள். கிராமுக்கு 1,850 சதுர மீட்டர் மட்டுமே உள்ள அந்தப் பழைய பொருள், அடர்த்தி மிகுதியால் கன அளவுக் கணக்கில் இன்றும் முன்வரிசையில் நிற்கிறது.

மருந்து மூலக்கூறு, சாயம், பெரிய வினையூக்கி எதையாவது உள்ளே ஏற்ற வேண்டும் என்றால், முதலில் அந்த மூலக்கூறின் மிகக் குறுகிய குறுக்களவைக் கணக்கிடுங்கள். அது 6 ஆங்ஸ்ட்ராமுக்குள் அடங்கினால் 66 போதும். 6-க்கும் 8-க்கும் இடையில் இருந்தால் குறையுள்ள 66-ஐயும் 67-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டிப் பாருங்கள். எது வெல்லும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. இணைப்பி வளையங்கள் சுழல்வதால் வாசல் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். 8-ஐச் சற்றே தாண்டிய மூலக்கூறும் 67-க்குள் மெதுவாகப் போய்ச் சேரலாம். அது போகவே இல்லை என்று சோதனையில் தெரிந்த பிறகு 68-க்கான அமிலத்தைச் செய்யத் தொடங்குங்கள், அமினோ தொகுதியோடு. முதல் தயாரிப்பு வந்ததும் அதன் துளைகளில் உள்ள கரைப்பானை அசிட்டோனால் மாற்றி, எக்ஸ் கதிர் வரைபடத்தைக் காயவைக்கும் முன் ஒன்றும் காய்ந்த பின் ஒன்றும் எடுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் மட்டுமே நைட்ரஜன் அளவீட்டுக்கு அனுப்ப வேண்டும்.